எங்கள் பெயரில் வேறொரு எண்: வாடிக்கையாளருக்கு எழுதும் எச்சரிக்கைக் கடிதம்

கடையின் பெயர், கடையின் போட்டோ, கடையின் சேலைப் படங்கள் எல்லாம் அப்படியே இருக்கும். எண் மட்டும் வேறு. அந்த எண்ணிலிருந்து உங்கள் வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போகிறது, பணமும் வாங்கப்படுகிறது. இது தெரிந்ததும் கடைக்காரர் செய்யும் முதல் வேலை, அவசரமாக நான்கு வரி எழுதி எல்லோருக்கும் அனுப்புவதுதான். அந்த நான்கு வரியை எப்படி எழுதுவது என்பதே இந்த அத்தியாயம். கடிதம் சரியாக அமைந்தால் அடுத்த ஆள் ஏமாறமாட்டார். தவறாக அமைந்தால் மோசடிக்காரன் அந்தக் கடிதத்தையே எடுத்துப் பயன்படுத்துவான்.

மோசடி நடக்கும் விதம்

சேலம் மாவட்டம் இளம்பிள்ளையில் ஒரு சேலைக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். நேரில் வந்து வாங்குபவர்களைவிட வாட்ஸ்அப்பில் படம் பார்த்து வாங்குபவர்கள் அதிகம். வாங்கி விற்கும் ரீசெல்லர் பெண்களும் நிறையப் பேர். புதுச் சரக்கு வந்தவுடன் கடை தன் வாட்ஸ்அப் குரூப்பிலும் ஸ்டேட்டஸிலும் படம் போடும். வாடிக்கையாளர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் திருப்பி அனுப்புவார், பணம் போடுவார், இரண்டு மூன்று நாளில் கூரியர் வந்து சேரும்.

குரூப்பில் சேரும் லிங்க்கை யாரோ வெளியே பகிர்ந்துவிட, மோசடிக்காரன் அதன் வழியாக உள்ளே வருகிறான். குரூப்பில் இருப்பவர்களின் எண்கள் எல்லாம் அவன் கண்ணுக்குத் தெரியும். கடையின் டிபியையும் சேலைப் படங்களையும் எடுத்துக்கொள்கிறான். வேறொரு சிம்மில் கடையின் பெயரையே போட்டு ஒரு வாட்ஸ்அப் கணக்கைத் தொடங்குகிறான். பிறகு உறுப்பினர்களுக்கு ஒவ்வொருவராகத் தனியாகச் செய்தி அனுப்புகிறான்: “அக்கா, பண்டிகை ஆஃபர். குரூப்பில் போடலை, ரெகுலர் கஸ்டமருக்கு மட்டும். மூணு சேலை 2,400 ரூபாய். இன்னைக்கு மட்டும்தான்.”

தென்காசியில் இருக்கும் ஒரு வாடிக்கையாளர் பணம் போடுகிறார். மறுநாள் இன்னொரு செய்தி வருகிறது: பார்சல் கூரியர் ஆபீஸில் நிற்கிறது, இன்சூரன்ஸுக்கு 650 ரூபாய் கட்ட வேண்டும், டெலிவரி ஆனதும் அது திரும்ப வந்துவிடும். அதையும் கட்டுகிறார். மூன்றாம் நாள் சந்தேகப்பட்டு “என் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்” என்று கேட்கிறார். “ரீஃபண்ட் அனுப்புகிறோம், இந்த க்யூஆரை ஸ்கேன் செய்து உங்கள் பின்னைப் போடுங்கள்” என்று பதில் வருகிறது. யுபிஐயில் பணம் பெறுவதற்குப் பின் தேவையே இல்லை. பின் கேட்கப்பட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியே போகப்போகிறது என்றே அர்த்தம். இந்த மூன்றாவது அடிதான் பெரும்பாலும் பெரிய தொகையாக இருக்கும்.

முதலில் சேலையின் விலை, அடுத்து சிறு கட்டணம், கடைசியில் ரீஃபண்ட் என்ற இந்த மூன்று படிகளை மனத்தில் வையுங்கள். உங்கள் கடிதம் போய்ச் சேரும்போது சிலர் முதல் படியில் நிற்பார்கள், சிலர் இரண்டாவதில் நிற்பார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் நீங்கள் எழுதுகிறீர்கள்.

எழுதும் முன் செய்ய வேண்டியவை

முதலில் ஒன்றை உறுதிசெய்யுங்கள்: வேறொரு எண் உங்கள் பெயரில் இயங்குகிறதா, அல்லது உங்கள் சொந்த வாட்ஸ்அப் கணக்கே பிறர் கைக்குப் போய்விட்டதா? இரண்டும் வேறு வேறு சிக்கல்கள். வாடிக்கையாளர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டில் உள்ள எண்ணைப் பாருங்கள். உங்கள் எண்ணிலிருந்தே, பழைய உரையாடலின் தொடர்ச்சியாகவே செய்தி போயிருந்தால் கணக்கு பறிபோயிருக்கிறது. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் Linked devices பகுதிக்குப் போய், தெரியாத சாதனம் இருந்தால் வெளியேற்றுங்கள். கணக்கையே திறக்க முடியாவிட்டால் உங்கள் சிம்முக்கு வரும் சரிபார்ப்பு எண்ணைக் கொண்டு மீண்டும் பதிவுசெய்யுங்கள். Two-step verification-ஐயும் இயக்குங்கள். கணக்கு பறிபோன நிலையில் “எங்கள் எண்ணிலிருந்து வருவதை நம்புங்கள்” என்று கடிதம் எழுதுவது ஆபத்து. இந்த அத்தியாயம் சொல்லும் கடிதம் வேறொரு எண் இயங்கும்போது மட்டும் பொருந்தும்.

அடுத்து, பணம் இழந்தவர் உங்களை அழைத்திருந்தால் கடிதத்தைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அவரை 1930-க்கு அழைக்கச் சொல்லுங்கள். இது இணையவழிப் பண மோசடிக்கான தேசிய உதவி எண். புகார் பதிவானதும் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போகும். அந்தக் கணக்கில் பணம் இன்னும் இருந்தால் வங்கி அதை நிறுத்திவைக்க முடியும். மோசடிக்காரன் பணத்தை ஒரே கணக்கில் விட்டுவைக்கமாட்டான், அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றிக்கொண்டே போவான். அதனால் அரைமணி நேரத் தாமதம்கூடக் கணக்கில் வரும்.

மூன்றாவதாக, ஆதாரத்தைச் சேருங்கள். போலிக் கணக்கின் முகப்புப் படம், அதன் முழு எண், செய்திகள், பணம் கேட்ட யுபிஐ ஐடி அல்லது க்யூஆர் எல்லாவற்றுக்கும் ஸ்கிரீன்ஷாட் வேண்டும். செய்தி பெற்றவர்களிடமிருந்துதான் இவை கிடைக்கும். இங்கே ஒரு வரிசை முக்கியம். முதலில் ஸ்கிரீன்ஷாட், பிறகு வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட், கடைசியில் பிளாக். ரிப்போர்ட் செய்யும்போது கூடவே உரையாடலை அழிக்கும் தேர்வும் காட்டப்படும். அவசரத்தில் அதையும் அழுத்திவிட்டால் ஆதாரம் போய்விடும். ரிப்போர்ட் செய்தால் அந்த எண் கடைசியாக அனுப்பிய ஐந்து செய்திகள் வாட்ஸ்அப் நிறுவனத்துக்குப் போகும். எனவே அந்த எண்ணோடு பேசியே இராத உங்கள் ரிப்போர்ட்டைவிட, அதனிடமிருந்து பணம் கேட்டுச் செய்தி பெற்றவரின் ரிப்போர்ட்டுக்கு வலு அதிகம்.

கடையின் தரப்பில் cybercrime.gov.in தளத்தில் ஒரு புகாரும், மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் ஒரு மனுவும் கொடுங்கள். மனுவுக்கான சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கி வையுங்கள். கணினி வழியாக வேறொருவர் போல நடித்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66டி பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டுவரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு. பணத்தை இழக்காமல் செய்தி மட்டும் பெற்றவர்கள் sancharsaathi.gov.in தளத்தில் உள்ள சக்ஷு பகுதியில் அந்த எண்ணைத் தெரிவிக்கலாம். பணம் போனவர்களுக்கு அது வழியல்ல, அவர்கள் 1930-க்குத்தான் போக வேண்டும்.

கடிதமே திருடப்படும்

இப்போது கடிதம். நீங்கள் எழுதப்போகும் கடிதம் மோசடிக்காரன் கைக்கும் போகும். அவன் உங்கள் குரூப்பில் இருக்கிறான், உங்கள் ஸ்டேட்டஸையும் பார்க்கக் கூடும். நீங்கள் கீழே உள்ளதுபோல எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல கடைகள் இப்படித்தான் எழுதுகின்றன.

> வாடிக்கையாளர்கள் கவனத்திற்கு! எங்கள் கடையின் பெயரில் போலி எண்ணில் மோசடி நடக்கிறது. யாரும் ஏமாற வேண்டாம். எங்கள் ஒரே உண்மையான எண் இதுதான்: (எண்). வேறு எண்ணுக்குப் பணம் அனுப்பினால் நிர்வாகம் பொறுப்பல்ல. இதை அனைவருக்கும் பகிரவும்.

மோசடிக்காரன் இதை நகலெடுத்து அடைப்புக்குள் தன் எண்ணைப் போட்டு அனுப்பினால் என்ன ஆகும்? வாடிக்கையாளர் கையில் ஒரே மாதிரி இரண்டு கடிதம் இருக்கும். எது உங்களுடையது என்று அவரால் சொல்ல முடியாது. “அனைவருக்கும் பகிரவும்” என்ற வரி அவனுடைய பிரதியையும் உங்கள் வாடிக்கையாளர்களே பரப்பும்படி செய்துவிடும். “எங்கள் பழைய எண்ணைச் சிலர் தவறாகப் பயன்படுத்துகிறார்கள், இனி இந்தப் புது எண்ணில் மட்டும் ஆர்டர் கொடுங்கள்” என்று எழுதினால் அவனுக்கு இன்னும் வசதி.

எனவே கடிதத்தின் முதல் விதி இது: வாடிக்கையாளர் எதை நம்ப வேண்டும் என்பதற்கான சான்று கடிதத்துக்குள் இருக்கக் கூடாது. ஏற்கெனவே அவர் வீட்டில் இருக்கும் ஒரு பொருளில் இருக்க வேண்டும். சேலையோடு போன பில், கட்டைப்பை, கூரியர் கவரின் மேல் ஒட்டிய கடை லேபிள் இவற்றில் அச்சான எண்ணை மோசடிக்காரனால் மாற்ற முடியாது. கடிதம் அந்த எண்ணை நோக்கிக் கைகாட்டினால் போதும். கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் சொல்லி, மற்றதைப் பில்லில் பார்க்கச் சொல்லுங்கள். அவன் தன் எண்ணின் நான்கு இலக்கத்தை மாற்றிப்போட்டாலும், பில்லை எடுத்துப் பார்க்கும் வாடிக்கையாளருக்கு அது ஒத்துவராது.

இரண்டாவது விதி: கடிதத்தில் லிங்க், க்யூஆர், புது எண், புது வங்கிக் கணக்கு எதுவும் வேண்டாம். உண்மையாகவே எண்ணை மாற்ற வேண்டிய தேவை வந்தாலும் இந்த நேரத்தில் மாற்றாதீர்கள். குழப்பம் அடங்கிய பிறகு, பழைய எண்ணிலிருந்தே முன்கூட்டிச் சொல்லி மாற்றுங்கள்.

மூன்றாவது விதி: போலி எண்ணைச் சொல்லலாம், ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. ஓர் எண்ணை மட்டும் சுட்டிக்காட்டினால், அது ஒன்றுதான் போலி, மற்றவை சரி என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். அவன் நாளை வேறு சிம்முக்கு மாறிவிடுவான். முழு எண்ணையும் அச்சிட்டால் யாராவது அதையே கடை எண் என்று தவறாகச் சேமித்துக்கொள்ளவும் கூடும். கடைசி நான்கு இலக்கம் போதும், எண் மாறலாம் என்ற எச்சரிக்கையும் சேர வேண்டும். பணம் போன கணக்குக்காரரின் பெயரைப் போட்டு “இவன்தான் திருடன்” என்று எழுதாதீர்கள். அந்தக் கணக்கும் சிம்மும் வேறு யாரோ ஒருவரின் ஆவணத்தில் வாங்கப்பட்டவையாக இருக்கலாம். பெயரையும் கணக்கு விவரத்தையும் போலீஸிடம் கொடுங்கள். ஏமாந்தவரின் பெயரோ எண்ணோ தெரியும் ஸ்கிரீன்ஷாட்டும் கடிதத்தோடு போகக் கூடாது.

கடிதம்

மேலே சொன்ன இளம்பிள்ளைக் கடைக்கான கடிதம் இப்படி இருக்கலாம். கடையின் எண் 3305 என்றும், இப்போது தெரிந்த போலி எண் 8862 என்றும் முடிவதாக வைத்திருக்கிறோம்.

> (கடையின் பெயர்), இளம்பிள்ளை
> தேதி:
>
> அன்புள்ள வாடிக்கையாளருக்கு,
>
> எங்கள் கடையின் பெயரையும் சேலைப் படங்களையும் போட்டு, எங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு வாட்ஸ்அப் எண்ணிலிருந்து சிலருக்குச் செய்தி போகிறது. ஆஃபர் என்று சொல்லிப் பணம் கேட்கிறார்கள். இப்போது தெரிந்த எண் 8862 என்று முடிகிறது. நாளை வேறு எண்ணிலிருந்தும் வரலாம்.
>
> பணம் அனுப்பும் முன் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டில் இருக்கும் எங்கள் பழைய பில்லையோ கட்டைப்பையையோ எடுங்கள். அதில் 3305 என்று முடியும் எண் இருக்கும். அந்த எண்ணுக்கு நீங்களே போன் செய்து கேளுங்கள். உங்களுக்கு வந்த செய்தியில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து கேட்காதீர்கள். பில் கிடைக்கவில்லை என்றால், எங்களோடு முன்பு பேசிய பழைய வாட்ஸ்அப் உரையாடலைத் திறந்து அதிலிருந்து அழையுங்கள்.
>
> பணம் அனுப்பும்போது திரையில் எங்கள் கடையின் பெயர் வர வேண்டும். வேறு ஆளின் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.
>
> நாங்கள் சேலையின் விலையையும் கூரியர் கட்டணத்தையும் சேர்த்து ஒரே தடவையில் வாங்குவோம். பார்சல் கிளம்பிய பிறகு எந்தக் கட்டணமும் கேட்கமாட்டோம். பணத்தைத் திருப்பித் தரும்போது க்யூஆர் அனுப்பமாட்டோம், உங்கள் பின்னைப் போடச் சொல்லமாட்டோம்.
>
> ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் தயங்காமல் இப்போதே 1930-க்கு அழையுங்கள். அந்த உரையாடலை அழிக்க வேண்டாம். பிறகு எங்களுக்கும் சொல்லுங்கள். அந்தப் பணம் எங்கள் கணக்குக்கு வரவில்லை. ஆனால் புகாருக்கு வேண்டிய விவரங்களை எடுக்க நாங்கள் உதவுகிறோம்.
>
> சைபர் கிரைம் போலீஸில் நாங்களும் புகார் கொடுத்திருக்கிறோம்.
>
> இந்தக் கடிதத்தில் லிங்க், க்யூஆர், புது எண் எதுவும் இல்லை. இதே மாதிரி ஒரு கடிதம் புது எண்ணோடு வந்தால் அது எங்களுடையது இல்லை.
>
> இப்படிக்கு,
> (உரிமையாளர் பெயர், கையொப்பம், கடை முத்திரை)

ஒவ்வொரு வரியும் ஏன்

இரண்டாம் பத்திதான் கடிதத்தின் உயிர். “எச்சரிக்கையாக இருங்கள்” என்று சொன்னால் படிப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. “பில்லை எடுங்கள், அந்த எண்ணுக்கு நீங்களே போன் செய்யுங்கள்” என்றால் தெரியும். “நீங்களே” என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். கடையிலிருந்து வந்ததாகச் சொல்லும் அழைப்பு எதையும் நிரூபிக்காது. வாடிக்கையாளர் தன் கையால் பில் எண்ணை அழுத்திப் பேசும்போதுதான் எதிர்முனையில் நீங்கள் இருப்பது உறுதி. அந்த எண்ணில் ஆள் எடுக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். கடிதம் போன வாரத்தில் அழைப்புகள் கூடும். எடுக்கவில்லை என்றால் வாடிக்கையாளர் செய்தி வந்த எண்ணுக்கே திரும்பிவிடுவார்.

பழைய உரையாடலைச் சொல்வதற்கும் காரணம் உண்டு. புது எண்ணிலிருந்து வரும் செய்தி வாட்ஸ்அப்பில் புது உரையாடலாகத்தான் திறக்கும். போன பொங்கலுக்கு வாங்கிய சேலையின் படமும் நீங்கள் அனுப்பிய டிராக்கிங் நம்பரும் அதில் இருக்காது. டிபியையும் பெயரையும் நகலெடுக்க முடிந்தவனால் இந்தப் பழைய பேச்சை நகலெடுக்க முடியாது.

திரையில் வரும் பெயரைப் பற்றிய வரியை எழுதும் முன் உங்கள் கணக்கைச் சரிபாருங்கள். க்யூஆர் படத்தின் மேல் எந்தப் பெயரையும் அச்சடிக்கலாம். ஸ்கேன் செய்த பிறகு, பின் போடும் முன், செயலியில் வரும் பெயர்தான் பார்க்க வேண்டியது. கடையின் பெயரில் கரண்ட் அக்கவுன்ட் இருந்தால் இந்த வரி பலன் தரும். உரிமையாளர், மனைவி, மகன் என்று பல பேரின் கணக்குகளில் பணம் வாங்கிப் பழகிய கடை இந்த வரியை எழுத முடியாது. வாடிக்கையாளர் அறிமுகமில்லாத பெயரைப் பார்த்தும் “இவர் வீட்டு ஆளாக இருக்கும்” என்று பணத்தைப் போட்டுவிடுவார். அப்படிப்பட்ட கடை முதலில் ஒரே கணக்குக்கு மாற வேண்டும். அதுவரை, எந்தப் பெயர் வர வேண்டும் என்பதைப் போனில் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லிக் கடிதத்தில் எழுதலாம். பெயர் சரிபார்ப்பு இரண்டாவது பூட்டுதான். ஏறக்குறைய அதே பெயரில் ஒரு கணக்கை யாராவது வைத்திருக்கவும் வாய்ப்புண்டு. அதனால்தான் போன் செய்வது முதலில் வருகிறது.

நான்காம் பத்தி, இரண்டாம் மூன்றாம் படிகளில் சிக்கியிருப்பவர்களுக்கானது. 650 ரூபாய் கேட்டுச் செய்தி வந்து கையில் போனை வைத்துக்கொண்டு யோசிப்பவர் இந்த வரியைப் படித்தவுடன் நிறுத்திவிடுவார். உங்கள் கடையின் நடைமுறை எதுவோ அதை மட்டும் இங்கே எழுதுங்கள். கேஷ் ஆன் டெலிவரியில் அனுப்பும் கடையாக இருந்தால் “சேர்த்து ஒரே தடவையில் வாங்குவோம்” என்ற வரி உங்களுக்குப் பொருந்தாது.

“நிர்வாகம் பொறுப்பல்ல” என்ற வரியை எடுத்துவிட்டு “அந்தப் பணம் எங்கள் கணக்குக்கு வரவில்லை” என்று போட்டிருப்பதைக் கவனியுங்கள். முதல் வரி கதவைச் சாத்துகிறது. ஏமாந்தவர் வெட்கத்தோடு ஒதுங்கிவிடுவார். அவரிடம் இருக்கும் ஸ்கிரீன்ஷாட்டும் யுபிஐ ஐடியும் உங்களுக்குக் கிடைக்காமலே போகும். இரண்டாவது வரி நடந்ததைச் சொல்கிறது. பணத்தைத் திருப்பித் தருவதாக வாக்கும் கொடுக்கவில்லை, ஏமாந்தவரைக் குற்றமும் சொல்லவில்லை.

புகார் கொடுத்ததைச் சொன்னால் போதும், சி.எஸ்.ஆர். எண்ணைக் கடிதத்தில் போட வேண்டியதில்லை. அதைச் சரிபார்க்க வாடிக்கையாளருக்கு வழியில்லை, போலிக் கடிதத்திலும் ஓர் எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். இன்னும் புகார் கொடுக்கவில்லை என்றால் அந்த வரியையே எழுதாதீர்கள்.

யாருக்குப் போய்ச் சேராது

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டில் அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. பிராட்காஸ்ட் செய்தி, உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போகும். சேமிக்காதவருக்குப் போகாது. ஏமாறும் வாய்ப்பு அதிகம் உள்ளவர் அவர்தான். கடையின் எண் சேமிப்பில் இல்லாததால் எந்த எண்ணிலிருந்து வந்தாலும் டிபியைப் பார்த்து அவர் நம்பிவிடுவார். ஸ்டேட்டஸும் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும்.

எனவே பில் புத்தகத்தையோ கணினியையோ திறந்து, கடந்த சில மாதங்களில் கூரியரில் வாங்கியவர்களின் பட்டியலை எடுங்கள். பிராட்காஸ்ட் போகாதவர்களுக்குத் தனித்தனியாக அனுப்புங்கள். தெரியாத பலருக்கு ஒரே நேரத்தில் ஒரே செய்தியை அனுப்பினால் வாட்ஸ்அப் உங்கள் கணக்கையே முடக்கிவிடக் கூடும். ஆகவே முன்பு உங்களோடு பேசியவர்களின் உரையாடலுக்குள் போய், நாளுக்குக் கொஞ்சம் பேராக அனுப்புங்கள். பெரிய தொகைக்கு வாங்கும் ரீசெல்லர்களைப் போனில் அழைத்துப் பேசுங்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் கீழே பல வாடிக்கையாளர்கள் இருப்பார்கள்.

அச்சுப் பிரதி ஒன்றைக் கல்லாவுக்கு அருகில் ஒட்டுங்கள். அடுத்து அனுப்பும் ஒவ்வொரு பார்சலிலும் ஒரு பிரதி இருக்கட்டும். பார்சலுக்குள் இருக்கும் கடிதம் போலியாக இருக்க முடியாது, சேலையோடுதானே வருகிறது. அதில் மட்டும் கடையின் முழு எண்ணையும் அச்சிடலாம்.

பணம் போட்டுவிட்டு அழைப்பவரிடம்

கடிதம் போன பிறகு அழைப்புகள் வரும். போனை எடுக்கும் கடைப் பணியாளருக்கு என்ன பேச வேண்டும் என்று முன்பே சொல்லிக்கொடுங்கள். தென்காசி வாடிக்கையாளர் அழைக்கிறார்:

“அண்ணா, மூணு சேலைக்குப் பணம் போட்டுட்டேன். பார்சல் இன்னும் வரலையே?”

“எந்த நம்பருக்குப் போட்டீங்கக்கா? கடைசி நாலு நம்பர் மட்டும் பார்த்துச் சொல்லுங்க.”

“8862.”

“அக்கா, அது நம்ம நம்பர் இல்லைங்க. நம்ம பேரை வச்சு வேற யாரோ ஏமாத்துறாங்க. இனிமே அவங்க என்ன கேட்டாலும் பணம் போடாதீங்க. ரீஃபண்டுன்னு சொன்னாலும் பின் போடாதீங்க. இப்ப நான் வச்சிடுறேன், நீங்க உடனே 1930-க்குப் போடுங்க. கேட்கிற விவரம் எதுவும் கிடைக்கலைன்னா திரும்ப எனக்கே கூப்பிடுங்க.”

அவர் கையில் இருக்க வேண்டிய விவரங்கள்: பணம் அனுப்பிய தேதியும் நேரமும், தொகை, பணம் போன யுபிஐ ஐடி, தன் வங்கியின் பெயர், பரிவர்த்தனையின் 12 இலக்க எண். இந்த 12 இலக்க எண் பலருக்குத் தெரியாது. ஜிபே, போன்பே போன்ற செயலியில் அந்தக் குறிப்பிட்ட பரிவர்த்தனையைத் திறந்தால் UTR அல்லது UPI transaction ID என்ற பெயரில் இருக்கும். இரண்டு தடவை பணம் போயிருந்தால் இரண்டுக்கும் தனித்தனி எண் வேண்டும். நம் வாடிக்கையாளருக்கு 2,400-க்கு ஒன்று, 650-க்கு ஒன்று. 1930-இல் பதிவானதும் கிடைக்கும் எண்ணை வைத்துக்கொண்டு cybercrime.gov.in தளத்தில் புகாரை முழுமையாக்க வேண்டும். தன் வங்கிக்கும் சொல்ல வேண்டும்.

பணம் நிச்சயம் திரும்ப வரும் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். அவரே பின் போட்டு அனுப்பிய பணம் என்பதால் வங்கி தானாக அதைத் திருப்பி எடுக்க முடியாது. நிறுத்திவைக்கப்பட்ட பணமும் உரியவருக்கு வரத் தனி நடைமுறை உண்டு, நாளாகும். “உங்க பணத்தை நாங்க மீட்டுத் தர்றோம், இவ்வளவு கட்டணம்” என்று யாராவது அழைத்தால் அதுவும் மோசடிதான் என்பதையும் சொல்லிவையுங்கள். ஒருமுறை ஏமாந்தவரின் எண் வேறு கைகளுக்கும் போயிருக்கும்.

கடிதத்துக்குப் பிறகு

அவன் உள்ளே வந்த வழியை அடைக்காவிட்டால் அடுத்த பண்டிகைக்கும் இதே கடிதத்தை எழுத வேண்டியிருக்கும். குரூப்பின் அழைப்பு லிங்க்கை ரீசெட் செய்யுங்கள், பழைய லிங்க் செல்லாமல் போகும். உறுப்பினர் பட்டியலில் அடையாளம் தெரியாத எண்களை நீக்குங்கள். இன்னும் நல்லது, படம் போடுவதை வாட்ஸ்அப் சேனலுக்கு மாற்றுவது. சேனலைப் பின்தொடர்பவர்களுக்கு ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. படத்தை அவன் அங்கிருந்தும் எடுக்கலாம், ஆனால் யாருக்கு அனுப்புவது என்ற பட்டியல் கிடைக்காது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பதிவுகளின் கீழே “விலை என்ன” என்று கேட்டு யாராவது தன் எண்ணைப் போட்டிருந்தால் அந்த கமென்ட்டை நீக்குங்கள். கூகுள் மேப்பில் உங்கள் கடைக்கு எந்த எண் இருக்கிறது என்றும் பாருங்கள். உரிமையாளர் உரிமைகோராத பதிவில் வெளியாள் திருத்தம் பரிந்துரைத்து எண்ணை மாற்றிவிட முடிகிறது.

கடைசியாக ஒன்று, இதைக் கடைக்குள் இருப்பவர்கள்தான் காப்பாற்ற வேண்டும். கடிதத்தில் எழுதிய விதியைக் கடையே மீறக் கூடாது. ஒருநாள் வங்கி சர்வர் வேலை செய்யாமல் போகும். அப்போது “அக்கா, இன்னைக்கு மட்டும் தம்பி ஜிபேக்குப் போட்டுடுங்க” என்று கேட்கத் தோன்றும். பில்லிங்கில் இருக்கும் பெண் தன் சொந்த எண்ணிலிருந்து ஆர்டர் படத்தை அனுப்பிவிடக் கூடும். அப்படி ஒருமுறை நடந்தாலும் வாடிக்கையாளர் கற்றுக்கொள்வது இதுதான்: வேறு பெயர் வந்தாலும், வேறு எண்ணிலிருந்து வந்தாலும் இந்தக் கடை விஷயத்தில் பரவாயில்லை. அதன் பிறகு நீங்கள் அனுப்பிய கடிதத்துக்குப் பொருள் இல்லை. எனவே கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் அதைக் கடையில் வேலை செய்யும் எல்லோருக்கும் ஒருமுறை படித்துக்காட்டுங்கள். அவர்களால் பின்பற்ற முடியாத வரி ஏதாவது இருந்தால் அதை மாற்றிவிட்டுப் பிறகு அனுப்புங்கள்.